மறைக்கப்பட்ட சொல்லும் அதனை உரைக்கும் முறையும்: மாற்றப்பட்ட படமொன்றின் மாற்றுரை, படக்குறிப்பு பற்றிய ஒரு நோக்கு

புறநானூற்றில் 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. ஆயினும் பதிப்புகள் 266இலிருந்து 269க்குத் தாவி, எஞ்சியவற்றுக்குப் புதிய வரிசையெண் இட்டு, நூல் முழுமையுடையது போலக் காட்டுவதில்லை. இல்லாத பாடல்களின் எண்கள் இருக்கவே செய்கின்றன. ஏடு சிதைந்த இடங்களில் புள்ளியிட்டுச் செல்வதும், பாடம் வேறுபடும் இடங்களில் அதனை அடிக்குறிப்பில் தருவதும் தமிழ்ப் பதிப்புத் துறையினர் நன்கறிந்த வழக்கங்கள். இழப்பை இழப்பென்றே காட்டுதல் என்னும் இந்நெறி, எழுத்துப் பிரதிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவிற்கு, எழுத்தைத் தன்னகத்தே கொண்ட படத்துக்கு இன்னும் ஏற்றுக்கொள்ளப்படவில்லை. படத்திலுள்ள சொற்கள் மாற்றப்பட்டிருக்கும்போது அப்படத்துக்கு விளக்கம் எழுதுவோர் செய்யும் தவறுகளை நோக்குமிடத்து இது தெளிவாகின்றது.

இங்கு விளக்கம் என நாம் குறிப்பது இரு வேறு எழுத்துகளை. ஒன்று மாற்றுரை. மின்பக்கத்தில் ஒரு படத்தைச் சேர்க்கும்போது அதன் `alt` என்னும் பண்பில் எழுதப்படுவது இது. பார்வையுள்ளோர் கண்ணுக்கு இது பொதுவாகத் தோன்றாது. விழிப்புலனற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், படத்தின் இடத்தில் இதனை ஒலித்துக் காட்டும். மற்றையது படக்குறிப்பு. படத்தின் கீழ் அச்சாகி, யாவருக்கும் பொதுவாக நிற்பது அது. மின்பக்க அணுகல் தொடர்பான அனைத்துலக வழிகாட்டி நெறிகள், மாற்றுரையானது படம் அவ்விடத்தில் ஆற்றும் பணிக்கு ஈடானதாக இருக்கவேண்டும் என்று கூறுகின்றன. இந்நிபந்தனை எளிமையானதாகத் தோன்றினும், சொல் மாற்றப்பட்ட படத்தில்தான் அதன் முழுக் கனமும் வெளிப்படுகின்றது.

எடுத்துக்கொள்ளும் சான்று ஐக்கிய அமெரிக்காவைச் சார்ந்தது. 2017 ஜனவரி 21ஆம் திகதி, டொனால்ட் ட்ரம்ப் பதவியேற்ற மறுநாள், வாஷிங்டனில் மகளிர் பேரணி நடைபெற்றது. பென்சில்வேனியா அவெனியூவை நிறைத்து நின்ற மக்கட் கூட்டத்தை மரியோ தாமா என்னும் புகைப்படக் கலைஞர் படம்பிடித்தார். பெண்கள் வாக்குரிமை பெற்ற நூற்றாண்டை ஒட்டி அந்நாட்டின் தேசியச் சுவடிக்கூடம் 2019 மே மாதத்தில் கண்காட்சியொன்றைத் தொடங்கியபோது, அப்படத்தைப் பெரிதாக்கி வாயிலில் வைத்தது. ஒரு கோணத்தில் நின்று பார்த்தால் 2017இன் பேரணி தெரியும். நகர்ந்து நின்று பார்த்தால் அதே வீதியில் 1913இல் நடந்த வாக்குரிமை ஊர்வலத்தின் கறுப்பு வெள்ளைப் படம் தெரியும். நல்ல கற்பனைதான். ஆயின் 2020 ஜனவரி 17ஆம் திகதி வாஷிங்டன் போஸ்ட் இதழ் ஓர் உண்மையை வெளியிட்டது. 2017ஆம் ஆண்டுப் படத்தில் குறைந்தது நான்கு சுலோக அட்டைகளில் சொற்கள் மறைக்கப்பட்டிருந்தன. இரு அட்டைகளில் மறைந்தது ட்ரம்ப்பின் பெயர். ஏனைய இரண்டிலும் மறைந்தவை பெண்ணுறுப்பைக் குறிக்கும் சொற்கள். அரசியற் சர்ச்சையில் ஈடுபடாதிருத்தல் முதலாவதற்கும், சிறுவர் உள்ளிட்ட பார்வையாளருக்குப் பொருந்தாமை இரண்டாவதற்கும் காரணமாகக் கூறப்பட்டன. மறுநாளே சுவடிக்கூடம் தவறை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தது. அப்படம் தன் சேமிப்பிலுள்ள ஆவணமன்று, விளம்பரத்துக்காக உரிமை பெற்றுப் பயன்படுத்திய படமே என்றும், இருந்தும் அதனை மாற்றியது பிழையே என்றும் அது கூறிற்று.

இவ்விடத்தில் நமது வினா சுவடிக்கூடத்தின் அறம் பற்றியதன்று. அது பற்றிப் பலரும் எழுதிவிட்டனர். மாற்றப்பட்ட அந்தப் படத்தை ஒருவர் தமது கட்டுரையில் வெளியிட விரும்பின், அதற்கு எவ்வாறு மாற்றுரையும் படக்குறிப்பும் எழுதுவது என்பதே வினா.

வழக்கமாக எழுதப்படக்கூடியது இதுதான்: “சுலோக அட்டைகளை ஏந்திய பெண்கள் வீதியில் ஊர்வலம் செல்கின்றனர்.” இதில் பொய் ஒன்றுமில்லை. ஆயின் மூலப் படத்துக்கும் மாற்றப்பட்ட படத்துக்கும் இவ்வாக்கியம் ஒன்றுபோலவே பொருந்துகின்றது. இரண்டு படங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு சொற்களில் இருக்க, சொற்களையே பேசாத விளக்கம் அவ்வேறுபாட்டை முற்றாக விழுங்கிவிடுகின்றது. இரண்டாவது வகைப் பிழை இதனிலும் நுட்பமானது. செய்தியறிக்கைகளைப் படித்துவிட்டு, மூலத்திலிருந்த சுலோகத்தை அப்படியே மாற்றுரையில் எழுதிவிடுதல். அவ்வாறு எழுதினால், கண்ணால் பார்ப்பவர் மங்கலான இடத்தைக் காண, காதால் கேட்பவர் முழுச் சுலோகத்தையும் கேட்பார்; ஒரே பக்கத்தை வாசித்த இருவர் இரு வேறு படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பர். மூன்றாவது பிழை, எஞ்சிய சொற்களை மட்டும் சுலோகமெனத் தருதல். இதுவே மிகவும் கேடானது. ஏனெனில் படத்தை மாற்றியவர் எதனை விரும்பினாரோ அதனை விளக்கம் எழுதுபவர் நிறைவேற்றிக் கொடுத்துவிடுகின்றார்.

இம்மூன்றாவது பிழை தமிழில் எழுதும்போது இன்னும் எளிதாக நேர்ந்துவிடுகின்றது என்பது மனங்கொளத்தக்கது. ஓர் அட்டையில் இருந்தது ‘கடவுள் ட்ரம்ப்பை வெறுக்கிறார்’ என்னும் பொருள் தரும் மூன்று ஆங்கிலச் சொற்கள். ஆங்கிலத்தில் பெயர் இறுதியில் நிற்கும். அது மறைந்ததும் எஞ்சுவது, செயப்படுபொருளின்றி அந்தரத்தில் தொங்கும் ஒரு தொடர். அதனைக் கேட்பவர் ஏதோ குறைகின்றது என்று உணர்வர். தமிழிலோ செயப்படுபொருள் இடையிலே நிற்பது. அதனை நீக்கினால் ‘கடவுள் வெறுக்கிறார்’ என்று முழு வாக்கியமாகவே ஒலிக்கின்றது. எழுவாயும் பயனிலையும் இருக்கின்றன, இலக்கணம் நிறைவுறுகின்றது, இழப்பு காதுக்குத் தட்டுப்படுவதில்லை. எனவே மொழிபெயர்த்துத் தரும்போது, மூலத்தில் எத்தனை சொற்கள் எஞ்சியுள்ளன, மறைந்த சொல் அவற்றுக்கு முன்னா பின்னா நின்றது என்பதைச் சொல்லாமல் விடவியலாது.

இரண்டாவது அட்டை இதற்கு நேர்மாறான படிப்பினையைத் தருகின்றது. ‘ட்ரம்ப்பும் குடியரசுக் கட்சியும் பெண்கள் மீது கை வைக்காதீர்கள்’ என்பது அதன் பொருள். ட்ரம்ப்பின் பெயர் மட்டும் மங்கலாக்கப்பட்டது. சீர்மை விரும்பும் மொழிபெயர்ப்பாளர் எஞ்சியதை ‘குடியரசுக் கட்சியே, பெண்கள் மீது கை வைக்காதே’ என்று திருத்தமாக எழுதிவிடுவார். அவ்வாறு எழுதியதும் மறைந்த சொல்லின் கடைசித் தடயமும் அழிந்துவிடுகின்றது. குற்றச்சாட்டு முழுவதும் கட்சி மேல் விழுகின்றது. ‘குடியரசுக் கட்சியும்’ என்று உம்மையை விட்டுவைப்பின் நிலைமை வேறு. எண்ணும்மையாக நின்ற அது இப்போது எச்சவும்மையாகி, தன்னோடு எண்ணப்பட்ட மற்றொன்று இருந்தது என்பதைத் தானே உரைத்து நிற்கின்றது. நமது இலக்கணகாரர் பகுத்துவைத்த ஓர் இடைச்சொல், வாஷிங்டன் கண்காட்சியொன்றில் நடந்த மறைப்பைக் காட்டிக்கொடுக்க உதவுகின்றது என்பது சற்று வியப்பான செய்திதான்.

மறைந்த இடத்தை எவ்வாறு குறிப்பது? அச்சுப் பழக்கமுடைய எவரும் புள்ளிகளையோ பகர அடைப்பையோ நாடுவர். நானும் அவ்வாறே செய்தேன். ‘கடவுள் … வெறுக்கிறார்’ என்று எழுதிய எனது முதல் வரைவை, விழிப்புலனற்ற பட்டப்பின்படிப்பு மாணவர் ஒருவர் தமது கணினியிற் கேட்டார். கேட்டுவிட்டு, “யாரை, சேர்?” என்றார். புள்ளிகள் அவருக்கு ஒலிக்கவேயில்லை. திரைவாசிப்பான்களின் வழக்கமான அமைப்பில் நிறுத்தக்குறிகளும் அடைப்புகளும் பெரும்பாலும் வாசிக்கப்படாமலே கழிந்துவிடும். வேண்டுபவர் அவ்வமைப்பை மாற்றிக்கொள்ளலாம், ஆயின் அங்கே குறியொன்று உண்டென அறியாதவர் ஏன் மாற்றப்போகின்றார்? சொல்லின் மேல் கோடிட்டு வெட்டிக் காட்டுவதும் இவ்வாறே பயனற்றுப்போகும். ஏட்டுப் பதிப்பின் புள்ளி கண்ணுக்கு உரியது. காதுக்கு உரிய புள்ளி, ‘இங்கு ஒரு சொல் மங்கலாக்கப்பட்டுள்ளது’ என்று சொல்லாலேயே எழுதப்படல் வேண்டும்.

மாற்றுரைக்கு வேறொரு வரம்பும் உண்டு. மின்பக்கத்தில் ஒரு பகுதி எம்மொழியிலானது என்பதை `lang` என்னும் பண்பால் குறிக்கலாம். திரைவாசிப்பான் அதற்கேற்பக் குரலை மாற்றும். ஆயின் மாற்றுரையின் உள்ளே ஒரு சொல்லை மட்டும் தனித்து ஆங்கிலம் எனக் குறிக்க வழியில்லை. அது பகுக்கப்படாத ஒரே சரம். சுலோகத்தின் ஆங்கில வடிவத்தை அதனுள் இட்டால், தமிழ்க் குரல் அதனைச் சிதைத்து ஒலிக்கக்கூடும். எனவே மாற்றுரையில் பொருளைத் தந்து, மூல வடிவத்தைப் படக்குறிப்பிலோ கட்டுரையின் உடலிலோ தருதலே தக்கது.

இவற்றையெல்லாம் மனத்திற்கொண்டு எழுதிய மாற்றுரை பின்வருமாறு அமைந்தது:

“மக்கள் நிறைந்த அகன்ற வீதியில் மகளிர் பேரணி. ஆங்கிலச் சுலோக அட்டைகள் பல தெரிகின்றன; நான்கில் ஒவ்வொரு சொல் வாசிக்க இயலாதவாறு மறைக்கப்பட்டுள்ளது. ஓர் அட்டையில் எஞ்சியவை ‘கடவுள் வெறுக்கிறார்’ எனப் பொருள்படும் இரு சொற்கள். அடுத்து வரும் சொல் மங்கலாக உள்ளது. இன்னோர் அட்டையில் முதற்சொல் மங்கலாக, ‘குடியரசுக் கட்சியும் பெண்கள் மீது கை வைக்காதீர்கள்’ என்னும் பகுதி தெரிகின்றது.”

படக்குறிப்பு இவ்வாறு:

“மரியோ தாமா 2017 ஜனவரி 21இல் வாஷிங்டனில் எடுத்த படத்தின் மாற்றப்பட்ட வடிவம். 2019இல் தொடங்கிய கண்காட்சிக்காக ஐக்கிய அமெரிக்கத் தேசியச் சுவடிக்கூடம் அட்டைகளிலிருந்த சொற்களை மறைத்தது. மூலத்தில் இரு அட்டைகளில் ‘ட்ரம்ப்’ என்னும் பெயரும், வேறிரண்டில் பெண்ணுறுப்பைக் குறிக்கும் சொற்களும் இருந்தன. 2020 ஜனவரியில் சுவடிக்கூடம் இம்மாற்றத்துக்கு வருத்தம் தெரிவித்தது.”

இவ்விரண்டுக்கும் இடையிலான பங்கீடு தற்செயலானதன்று. மாற்றுரை, இப்படத்தில் இப்பொழுது காணக்கூடியதை மட்டும் கூறுகின்றது. மறைந்த சொல் யாது என்பது படத்தைப் பார்ப்பவருக்கும் தெரியாது. ஆகவே கேட்பவருக்கு மட்டும் அதனை மாற்றுரையில் இரகசியமாகச் சொல்லுதல் பொருந்தாது. யார், எப்போது, எதனை மாற்றினர் என்பது படத்தின் வரலாறு. அது இரு சாராருக்கும் பொதுவான படக்குறிப்புக்கு உரியது. படக்குறிப்பைத் திரைவாசிப்பானும் வாசிக்கும் ஆதலால், அங்குள்ளதை மாற்றுரையில் மீட்டும் கூறத் தேவையில்லை.

ஆயினும் ஒரு மறுப்பு எழக்கூடும். கண்காட்சி வாயிலைக் கடந்து சென்றோருள் அந்த மங்கலைக் கவனியாதோர் பலர் இருந்திருப்பர். அவ்வாறிருக்க, கேட்பவருக்கு மட்டும் அதனைச் சுட்டிக் கூறுவது ஈடானதாகுமா? படத்தின் பணி யாது என்பதிலேயே இதற்கு விடை உண்டு. நமது கட்டுரையில் அப்படம் மாற்றத்துக்குச் சான்றாகவே நிற்கின்றது. மங்கலே அதன் பொருள். கண்காட்சி வாயிலில் அதன் பணி வேறு. ஆனால் அங்கும், அப்படத்துக்கு நேர்மையாக மாற்றுரை எழுத ஒருவர் அமர்ந்திருப்பின், அட்டைகளைப் படித்து எழுதத் தொடங்கிய மறுகணமே ‘இங்கு ஒரு சொல் மறைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதவேண்டிய நிலைக்கு வந்திருப்பார். அதனை எழுதிய பின் அப்படத்தை அவ்வாறே வாயிலில் தொங்கவிடுவது எளிதாக இருந்திராது.

எஞ்சிய இரு அட்டைகள் கடினமானவை. ஒன்றின் பொருள், ‘என் யோனி துப்பாக்கிக் குண்டுகளைச் சுட வல்லதாயிருந்தால், அதன் மீது இத்தனை கட்டுப்பாடு இருந்திராது’ என்பது. மறைக்கப்பட்டது யோனி என்னும் சொல். மேலே நான் தந்த படக்குறிப்பில் ‘பெண்ணுறுப்பைக் குறிக்கும் சொற்கள்’ என்றே எழுதியுள்ளேன். இப்போது அதனை மீள வாசிக்கும்போது, சுவடிக்கூடம் செய்ததை நாகரிகமான முறையில் நானும் செய்திருக்கின்றேன் என்று தோன்றுகின்றது. சுற்றிவளைத்துக் கூறுவது மறைப்பின் காரணத்தை வாசகருக்குத் தெரிவிக்கின்றதே அன்றி மறைக்கப்பட்டதைத் தெரிவிக்கவில்லை. துப்பாக்கிக்கு இல்லாத கட்டுப்பாடு பெண்ணுடலுக்கு உண்டு என்னும் அரசியல் வாதம் அச்சொல்லின் மேலேயே நிற்கின்றது. அதனை எடுத்துவிட்டால் வாக்கியத்துக்கு எழுவாயே இல்லை. ஆதலால் படக்குறிப்பில் அச்சொல்லே இடம்பெறல் வேண்டும். நான்காவது அட்டையிலிருந்த கொச்சைச் சொல்லுக்குப் பூனை என்றும் பொருளுண்டு. 2016 ஒக்ரோபரில் வெளியான ஒலிப்பதிவொன்றில் ட்ரம்ப் பயன்படுத்திய அச்சொல்லையே எதிர்த்துத் திருப்பி எறிவது அந்தச் சுலோகம். தமிழில் அவ்விரட்டைப் பொருள் கிட்டாது. இங்கு மொழிபெயர்ப்பு மட்டும் போதாது. சொல் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரியேனும் சேர்க்கவேண்டும்.

இதுவரை கூறியது சொல் நீக்கப்பட்ட படத்துக்குப் பொருந்தும். நீக்கியவர் ஒரு மங்கலையாவது விட்டுச் செல்கின்றார். சொல்லைச் சொல்லால் மாற்றியவர் எதனையும் விட்டுச் செல்வதில்லை. 1917இல் பெத்ரோகிராத் வீதியில் படைவீரர் நின்ற ஊர்வலப் படமொன்று தபாலட்டையாக வழங்கியது. மூலத்தில் பின்னணியிலிருந்த கடைப் பலகை, கடிகாரமும் பொன்னும் வெள்ளியும் விற்கப்படும் என்று அறிவித்தது. மாற்றப்பட்ட வடிவத்தில் அதே பலகை, போராட்டத்தில் உன் உரிமையைப் பெறுவாய் என்கின்றது. கொடியிலும் முடியாட்சி ஒழிக என்று தெளிவாக எழுதப்பட்டுள்ளது. முற்போக்கு அணியினராகிய நாம், அமெரிக்க அலுவலகமொன்றின் மறைப்பைக் கண்டிக்கும் அதே வாயால் இதனையும் மாற்றமென்றே கூறக் கடமைப்பட்டவர்கள். சுலோகம் நமக்கு உவப்பானது என்பதனால் கடைப் பலகை கடைப் பலகையல்லாது போய்விடாது. இத்தகைய படத்துக்கு மாற்றுரை, புதிய சொற்களைக் கூறி, அவை பின்னர் எழுதப்பட்டவை என்பதையும் உடனே கூறல் வேண்டும்; படக்குறிப்பு பழைய சொற்களைத் தரவேண்டும். படத்தை மட்டும் உற்றுப்பார்த்து இதனை அறிய வழியில்லை. மூலப் பிரதியைத் தேடி எடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து, சொல்லுக்குச் சொல் பெயர்த்தெழுதி ஒப்பிட்டாலன்றி விளக்கம் எழுதத் தொடங்கலாகாது.

இறுதியாக, நன்கு எழுதப்பட்ட மாற்றுரையும் தவறிப்போகும் ஒரு வழி உண்டு. 2021ஆம் ஆண்டு முதல் செய்திப் புகைப்படங்களுக்கான ஐ.பி.ரி.சி. தகவல் நியமத்தில் மாற்றுரைக்கென ஒரு புலமும் விரிவான விளக்கத்துக்கென இன்னொரு புலமும் சேர்க்கப்பட்டுள்ளன. மாற்றுரை கோப்பின் உள்ளேயே பதிந்து, படம் செல்லுமிடமெல்லாம் உடன் செல்லலாம். வசதிதான். ஆனால் ஒருவர் படத்திலுள்ள சொல்லை மங்கலாக்கிச் சேமிக்கும்போது, உள்ளே பதிந்த விளக்கம் தானாக மாறுவதில்லை. மூலத்தின் சுலோகத்தை அது சொல்லிக்கொண்டே இருக்கும். மின்பக்கத்தில் பழைய கோப்பின் பெயரிலேயே புதிய கோப்பை இடுவோருக்கும் இதுவே நேரும்: படம் மாறும், `alt` மாறாது. பார்வையுள்ள பதிப்பாசிரியர் திரையைப் பார்த்து எல்லாம் சரியென்று கருதுவார். மாற்றுரை அவர் கண்ணிற் படுவதேயில்லை. படத்தை மறைத்துவிட்டு ஒருவர் மாற்றுரையை உரக்க வாசிக்க, இன்னொருவர் படத்தைக் கையில் வைத்துச் சொற்களைச் சரிபார்ப்பதே நம்பத்தக்க சோதனை. ஏட்டை ஒருவர் வாசிக்க மற்றவர் படியை ஒப்பிட்ட பழைய முறைதான் இது.

வாஷிங்டன் கண்காட்சியிலும் மாற்றப்பட்ட படம் அகற்றப்பட்டு, பின்னர் மாற்றப்படாத படம் அவ்விடத்தில் வைக்கப்பட்டது. சிறிய அளவிற் பார்த்தால் இரண்டையும் வேறுபடுத்தி அறிதல் அரிது. ஒன்றின் இடத்தில் மற்றதைப் பயன்படுத்தும் எவரும், நான்கு அட்டைகளின் சொற்களும் மாற்றுரையில் திரும்பி வந்துள்ளனவா, ‘மங்கலாக உள்ளது’ என்னும் தொடர் அங்கிருந்து நீங்கிவிட்டதா என்பதை ஒருமுறை கேட்டுப் பார்த்தல் வேண்டும்.